நம்பரைச் சொல்லுங்க... பொருத்தம் சொல்றோம்!

நியூயார்க்ல புரூக்ளின்னு ஒரு ஏரியா. அங்கே இருக்கிற ஆசாரமான யூதக் குடும்பங்கள்ல கல்யாணப் பேச்சு கிட்டத்தட்ட நம்ம ஊர் பாணிதான். தரகர் உண்டு. பையன் எங்கே படிச்சான், பொண்ணோட அப்பா எப்படிப்பட்டவர்னு ரெண்டு பக்கமும் விசாரணை பலமா நடக்கும். ஆனா ஜாதகக் கட்டு கிடையாது. அதுக்குப் பதிலா ஒரு போன் கால்.

போனை எடுக்கிறவங்க பேரைக் கேட்க மாட்டாங்க. பையனோட நம்பர், பொண்ணோட நம்பர், ரெண்டு பேரோட பிறந்த நாள், அவ்வளவுதான். பதிலும் அதே மாதிரி ரத்தினச் சுருக்கம்: பொருந்தும், அல்லது பொருந்தாது. 'பொருந்தும்'னா அடுத்த சந்திப்புக்கு நாள் குறிப்பாங்க. 'பொருந்தாது'ன்னா பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே முடிஞ்சிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு 'தோர் யெஷோரிம்'னு பேரு. ஹீப்ரூ மொழியில 'நேர்மையாளர்களின் தலைமுறை'ன்னு அர்த்தம். 1980களின் தொடக்கத்துல இதை ஆரம்பிச்சவர் ஜோசப் எக்ஸ்டைன்னு ஒரு யூத மதகுரு. டே-சாக்ஸ்ங்கிற நோய்க்குத் தன்னோட நாலு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். ஒண்ணு, ரெண்டு இல்லைங்க... நாலு!

அந்த நோய் அப்படிப்பட்டது. குழந்தை பிறக்கும்போது தங்கக்கட்டி மாதிரி இருக்கும். சிரிக்கும், முகம் பார்க்கும். ஆறு மாசம் வாக்குல கத்துக்கிட்டது ஒவ்வொண்ணா மறக்க ஆரம்பிக்கும். நின்ன தலை நிக்காது. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். பார்வை போகும், வலிப்பு வரும். பெரும்பாலும் அஞ்சு வயசைத் தாண்டுறது இல்லை. நோயைக் குணமாக்கும் மருந்து இன்னிக்கு வரைக்கும் கிடையாது. காரணம், நம்ம நரம்பு செல்களுக்குள்ள சேர்ற ஒருவகைக் கொழுப்பைக் கரைக்கிற ஹெக்ஸ்-ஏங்கிற என்சைம் அந்தக் குழந்தைங்க உடம்புல உருவாகறதே இல்லை. குப்பை அள்ளாத தெரு மாதிரி செல்லெல்லாம் அடைச்சிக்கிட்டுச் செத்துப்போகும்.

கேரியர்னா யாரு?

டிபன் கேரியர் இல்லை, கேம்பஸ் இன்டர்வியூல கேட்கிற கேரியரும் இல்லை. ஹெக்ஸ்-ஏ தயாரிக்கச் சொல்ற ஜீன் நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு காப்பி இருக்கு. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. ஒரு காப்பி பழுதா இருந்தாலும் இன்னொண்ணு வேலையைப் பார்த்துக்கும். என்சைம் பாதி அளவுதான் சுரக்கும், ஆனா அந்தப் பாதியே தாராளம். ஆள் நூறு வயசு வரைக்கும் ஜம்முனு இருக்கலாம். இவங்கதான் கேரியர். இவங்க நோயாளி இல்லை, நோய் வரப்போறவங்களும் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வச்சுக்குங்க, பின்னாடி நடந்த கூத்தெல்லாம் இதை மறந்ததால வந்ததுதான்.

கேரியரும் கேரியரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு ரெண்டு பழுது காப்பியும் போய்ச்சேரும். எக்ஸ்டைன் வீட்டுல நடந்தது அதுதான்.

சரி, ஏன் குறிப்பா ஒரு சமூகத்தையே டெஸ்ட் பண்ணணும்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கிழக்கு ஐரோப்பாவுல இருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள்ல சுமார் 30 பேருக்கு ஒருத்தர் டே-சாக்ஸ் கேரியர். அப்போ கணவன், மனைவி ரெண்டு பேருமே கேரியரா இருக்கிற வாய்ப்பு 30 பெருக்கல் 30, அதாவது 900 ஜோடிக்கு ஒண்ணு. அதுல நாலுல ஒரு பங்குன்னா 3,600 பிரசவத்துக்கு ஒரு குழந்தை. அமெரிக்காவுல மத்தவங்க மத்தியில கேரியர் சுமார் 300 பேருக்கு ஒருத்தர். அதே கணக்கைப் போட்டா 90,000 ஜோடியைச் சலிச்சாத்தான் ஒரு ஜோடி சிக்கும்.

கேரியர் எண்ணிக்கையில பத்து மடங்கு வித்தியாசம், ஜோடி எண்ணிக்கையில நூறு மடங்கா மாறிடுது பாருங்க. குறிப்பிட்ட சமூகத்தைத் தேடிப் போறதுக்கு இதுதான் காரணம். பல நூற்றாண்டுகளா சின்ன வட்டத்துக்குள்ளயே பெண் எடுத்து, பெண் கொடுத்த கூட்டங்கள்ல யாரோ ஒரு பாட்டன்கிட்ட இருந்த பழுது எல்லாக் குடும்பத்துக்கும் பரவிடுது. இதுல அந்த சமூகத்தோட 'ரத்தம் கெட்டது'ன்னு எதுவும் இல்லை. ஒவ்வொரு மனுஷன்கிட்டயும் ஏதோ சில ஜீன்கள்ல இப்படி ஒத்தைப் பழுது இருக்கத்தான் செய்யுது.

அந்த ஒரு ட்யூப் ரத்தம்

1971 மே மாசம். வாஷிங்டனுக்குப் பக்கத்துல பெதெஸ்டாங்கிற ஊர்ல ஒரு யூத ஆலயத்துல ஜனங்க வரிசையில நின்னு ரத்தம் கொடுத்தாங்க. ஒரே நாள்ல ஆயிரத்துக்கும் மேல. ஏற்பாடு பண்ணினவர் மைக்கேல் கபாக்ங்கிற இளம் டாக்டர். அந்த ஒரு நாளுக்காக அவர் ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சிருக்கார். மதகுருமார்கள், உள்ளூர் டாக்டர்கள், பெண்கள் சங்கம்னு ஒவ்வொரு வாசலா ஏறி விளக்கினார். டெஸ்ட்டுக்கு வந்தவங்க பெரும்பாலும் கல்யாணமானவங்க, இனிமேல்தான் குழந்தை பெத்துக்கப் போறவங்க.

டெஸ்ட் ரொம்ப சாமர்த்தியமானது. நம்ம ரத்தத்துல ஹெக்ஸ்-ஏவோட, அதோட அண்ணன் மாதிரி ஹெக்ஸ்-பியும் கலந்து ஓடுது. ரெண்டும் சேர்ந்து எவ்வளவு வேலை செய்யுதுன்னு முதல்ல அளப்பாங்க. அப்புறம் சீரத்தை சுமார் 50 டிகிரியில சில மணி நேரம் சூடு பண்ணுவாங்க. ஹெக்ஸ்-ஏ சூடு தாங்காம செத்துடும், ஹெக்ஸ்-பி தாங்கும். திரும்ப அளந்தா எவ்வளவு குறைஞ்சிருக்கோ, அது ஹெக்ஸ்-ஏ. வழக்கமான அளவுல பாதி வாக்குல இருந்தா, கேரியர்.

இதுலயும் சறுக்கல் உண்டு. கர்ப்பிணிகள் ரத்தத்துல சூடு தாங்கற வேற வகை என்சைம் கூடிடும். ஹெக்ஸ்-ஏவோட பங்கு குறைஞ்ச மாதிரி தெரியும். சாதாரணப் பொண்ணையே 'கேரியர்'னு டெஸ்ட் சொல்லிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இதே குழப்பம் வரலாம். அதனால இவங்களுக்கெல்லாம் வெள்ளை அணுக்களைப் பிரிச்செடுத்து அதுல அளக்கணும். இன்னொரு வில்லங்கமும் இருக்கு. சிலர்கிட்ட இருக்கிற ஹெக்ஸ்-ஏ, லேப்ல ஊத்துற செயற்கைப் பொருளைக் கரைக்காது, ஆனா உடம்புக்குள்ள நிஜக் கொழுப்பைச் சமத்தாக் கரைக்கும். 'போலிக் குறைபாடு'ன்னு சொல்லலாம். டே-சாக்ஸ் என்சைம் டெஸ்ட்ல கேரியர்னு வர்ற யூதரல்லாதவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தர் இந்த ரகம். டி.என்.ஏவைப் படிச்சாத்தான் குட்டு உடையும். ஒரே டெஸ்ட், ஆனா யாரைப் பண்றோம்ங்கிறதைப் பொறுத்து ரிசல்ட்டோட அர்த்தமே மாறுது!

பலன்? 2000-க்குள்ள உலகம் முழுக்க 14 லட்சம் பேர் தாங்களா முன்வந்து டெஸ்ட் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் கேரியரா இருந்த சுமார் 1,400 ஜோடிகளைக் கண்டுபிடிச்சாங்க. வட அமெரிக்க யூதர்கள் மத்தியில டே-சாக்ஸ் குழந்தைகள் பிறக்கிறது 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது.

ரகசியம்தான், ஆனா முழு ரகசியமா?

கபாக்கோட திட்டத்துல ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருந்தது. ரெண்டு பேரும் கேரியர்னா, கர்ப்பத்துல இருக்கும்போதே சிசுவை டெஸ்ட் பண்ணலாம், நோய் இருந்தா கர்ப்பத்தைக் கலைக்கலாம். ஆசாரமான குடும்பங்கள் இதை ஏத்துக்கலை. அதுமட்டுமில்லை, 'அந்த வீட்டுப் பொண்ணு கேரியராம்'னு ஒரு வார்த்தை கசிஞ்சா அவளுக்கு மட்டுமில்ல, அவ தங்கைக்கும் வரன் வராது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், செவ்வாய் தோஷத்துக்கே என்ன பாடு படுத்துறோம்!

எக்ஸ்டைனோட மூளை இங்கேதான் வேலை செஞ்சது. ஸ்கூல் கடைசி வருஷத்துலயே பசங்க, பொண்ணுங்ககிட்ட ரத்தம் எடுத்துடுவாங்க. கையில ஒரு நம்பர் மட்டும் கிடைக்கும். ரிசல்ட்டை யாருக்கும் சொல்ல மாட்டாங்க, அந்தப் பையனுக்கே சொல்ல மாட்டாங்க. ரெண்டு நம்பர் சேர்ந்து வரும்போதுதான் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. ஒரு பக்கம் மட்டும் கேரியர்னா 'பொருந்தும்'தான். ஏன்னா குழந்தைக்கு நோய் வராது. ரெண்டு பக்கமும் ஒரே நோய்க்குக் கேரியர்னா மட்டும் விஷயத்தை உடைச்சு, ஆலோசனையும் சொல்வாங்க.

யோசிச்சுப் பார்த்தா, இது ஒரு தனி மனுஷனை முத்திரை குத்தாம ஒரு ஜோடியை மட்டும் எடைபோடுற வித்தை. இப்படி மறைக்கிறது ஏன் அவசியம்னு புரியணும்னா கிரீஸ் நாட்டு ஓர்கோமெனோஸ் கிராமத்துக்குப் போகணும். அங்கே அரிவாள் செல் சோகை அதிகம், சுமார் அஞ்சுல ஒருத்தர் கேரியர். மொத்த ஊரையும் டெஸ்ட் பண்ணி, யார் யார் கேரியர்னு அவங்கவங்ககிட்டயே சொன்னாங்க. சில வருஷம் கழிச்சு ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தா, கேரியரும் கேரியரும் சேர்ந்த கல்யாணங்கள் டெஸ்ட்டே நடக்காத மாதிரி அதே எண்ணிக்கையில நடந்திருந்தது! கேரியர்னு வெளியில தெரிஞ்சா மதிப்பு போயிடும்னு பலர் கமுக்கமா இருந்துட்டாங்க. 1974-ல இந்த ரிசல்ட் வெளியானப்போ டாக்டர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெஸ்ட் சொன்னது சரி, ஜனங்க வாயைத் திறக்கலை. நோய் குறையலை, அவமானம் மட்டும் புதுசா வந்து ஒட்டிக்கிச்சு.

ஆனா தோர் யெஷோரிம் மேலயும் கேள்விகள் உண்டு. 'பொருந்தாது'ன்னு ஒரு தடவை வந்துட்டா, ரெண்டு பேருக்குமே தாங்க கேரியர்னு தெரிஞ்சிடும். தன்னைப் பத்தின தகவல் தனக்கே ஏன் மறுக்கப்படணும்? தம்பி வேற சமூகத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டா, அவனுக்கு இந்த நம்பரால என்ன பிரயோஜனம்? ஒரு வகுப்பே வரிசையில நிக்கும்போது 'எனக்கு வேண்டாம்'னு ஒரு பதினேழு வயசுப் பொண்ணு சொல்ல முடியுமா? சொன்னா, அதையே வேற மாதிரி பேச மாட்டாங்களா? பேப்பர்ல 'தன்னார்வம்'தான். எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் மத்ததைவிடப் பெருசாத் தெரியுது.

லேபிள் ஒட்டினா கிழிக்கிறது கஷ்டம்

அதே 1970களின் தொடக்கத்துல, அதே அமெரிக்காவுல, கறுப்பின மக்களுக்கு நடந்தது வேற கதை. அரிவாள் செல் நோய்க்கான டெஸ்ட்டைப் பல மாநிலங்கள் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கின. ஸ்கூல்ல சேரணுமா, டெஸ்ட். கல்யாண லைசன்ஸ் வேணுமா, டெஸ்ட். ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலை, ஆலோசனை சொல்ல ஆள் போடலை. கேரியருக்கும் நோயாளிக்கும் இருக்கிற வித்தியாசமே சில சட்டங்களை எழுதினவங்களுக்குத் தெரியலை. கேரியர்களுக்கு வேலையிலயும் இன்ஷூரன்ஸ்லயும் சிக்கல் வந்தது. அமெரிக்க விமானப்படை அகாடமியில 1981 வரைக்கும் அவங்களைச் சேர்க்கவே இல்லை.

ரெண்டு நோபல் பரிசு வாங்கின லைனஸ் பாலிங் இதைவிட ஒருபடி மேலே போனார். கேரியர் இளைஞர்கள் நெத்தியில பச்சை குத்திடலாம், அப்போ ரெண்டு கேரியர்கள் ஒருத்தரை ஒருத்தர் காதலிக்க மாட்டாங்கன்னு 1968-ல எழுதினார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லைதான். பச்சை குத்தின நெத்தியோட ஒரு கறுப்பினப் பையன் அந்தக் காலத்து அமெரிக்காவுல வேலை கேட்டுப் போறதை மட்டும் அவர் யோசிச்சுப் பார்க்கலை. 1972-ல வந்த தேசியச் சட்டம், டெஸ்ட் விருப்பத்தின் பேர்லதான் நடக்கணும்னு சொல்லித் திருத்தப் பார்த்தது. அதுக்குள்ள 'இது கறுப்பர் நோய்'ங்கிற பேர் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

அந்தப் பேரே தப்பு. அரிவாள் செல் போறது தோல் நிறத்தைப் பார்த்து இல்லை, மலேரியா இருந்த இடத்தைப் பார்த்து. கேரியர்களை மலேரியா அவ்வளவு சுலபமாக் கொல்லாதுங்கிறதால அந்த ஜீன் அங்கெல்லாம் தங்கிப்போச்சு. ஆப்பிரிக்கா, கிரீஸ், அரேபியா... ஏன், நம்ம நீலகிரி! இந்தியாவுல இதை முதல்ல கண்டுபிடிச்சதே நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான், 1952-ல.

யூதர்களையும் லேபிள் விடலை. 1995-ல ஒரு ஆராய்ச்சி வந்தது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுற பி.ஆர்.சி.ஏ-1 ஜீன்ல ஒரு குறிப்பிட்ட பழுது, அஷ்கெனாசி யூதர்கள்ல நூறுல ஒருத்தர்கிட்ட இருக்குன்னு. அதுக்கான ரத்தம் எங்கே கிடைச்சதுன்னா, டே-சாக்ஸ் மாதிரி டெஸ்ட்டுகளுக்காக ஜனங்க ஏற்கனவே கொடுத்து வச்சிருந்த சாம்பிள்கள். பேர் எல்லாம் எடுத்துட்டுத்தான் பயன்படுத்தினாங்க, தனி மனுஷன் யாரையும் அதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா தலைப்புச் செய்தியில சமூகத்தோட பேர் இருந்துச்சே! ரத்தமே கொடுக்காத ஒரு யூதப் பொண்ணும் அன்னிக்கு இன்ஷூரன்ஸ்காரனை நினைச்சுப் பயந்தா. தனி மனுஷன்கிட்ட கையெழுத்து வாங்கலாம். ஒரு சமூகம் முழுக்க யார்கிட்ட கையெழுத்து வாங்குறது? அமெரிக்காவுல 2008-ல வந்த சட்டம், ஜீனைக் காட்டி வேலையும் மருத்துவக் காப்பீடும் மறுக்கக் கூடாதுன்னுச்சு. ஆயுள் காப்பீடு அதுக்குள்ள வரலை.

லேபிளுக்கு இன்னொரு பலியும் உண்டு: லேபிள் இல்லாதவங்க. டே-சாக்ஸ் 'யூத நோய்'னு பேர் வாங்கினதால, யூதர்கள் டெஸ்ட் பண்ணித் தப்பிச்சாங்க. கிழக்கு கியூபெக்ல இருக்கிற பிரெஞ்சு கனடியர்கள், லூசியானாவுல இருக்கிற கேஜன் மக்கள் மத்தியிலயும் இந்த நோய் இருக்கு. டெஸ்ட் பரவலான பிறகு அமெரிக்காவுல பிறந்த டே-சாக்ஸ் குழந்தைகள்ல பெரும்பாலானவங்க யூதரல்லாத வீடுகள்ல பிறந்தவங்க. 'நமக்கு எதுக்கு வரப்போகுது'ன்னு அங்கே யாரும் யோசிக்கவே இல்லை.

நம்ம நாட்டுலயும் 2023 ஜூலையில அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம் தொடங்கினாங்க. பழங்குடிப் பகுதிகள்ல 40 வயசு வரைக்கும் உள்ள 7 கோடிப் பேரை டெஸ்ட் பண்ணி, கையில கார்டு கொடுக்கிறது இலக்கு. மருந்து தேவைப்படுற குழந்தையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இது நிச்சயம் உதவும். ஆனா அந்தக் கார்டு பொண்ணு பார்க்கிற வீட்டுலயோ, ஹாஸ்டல் அட்மிஷன்லயோ வெளியில எடுக்கப்படும்போது என்ன ஆகும்ங்கிறதுக்கு ஓர்கோமெனோஸ் ஏற்கனவே பதில் சொல்லி வச்சிருக்கு.

ஆஸ்திரேலியாவுல ஒரு புது வழியைச் சோதிச்சுப் பார்த்தாங்க. 'மெக்கென்சீஸ் மிஷன்'னு பேரு. எந்த இனம்னு பார்த்து ஆள் பொறுக்கலை, விருப்பப்பட்ட எந்த ஜோடியும் வரலாம். பார்த்த ஜீன்கள் 1,200-க்கும் மேல. 2024-ல வெளியான ரிசல்ட்படி 9,107 ஜோடிகள் டெஸ்ட் முடிச்சாங்க. அதுல 175 ஜோடிகளுக்கு, அதாவது நூத்துக்கு ரெண்டு பேருக்கு, அதுவரைக்கும் தெரியாத ஆபத்து இருக்கிறது தெரிஞ்சது. இவ்வளவு ஜீனைப் பார்த்தா கிட்டத்தட்ட எல்லாருமே ஏதோ ஒண்ணுக்குக் கேரியர்தான், யாரை யார் கை நீட்டிச் சொல்றது? ரிசல்ட்டையும் தனித்தனி ஆளுக்குக் கொடுக்கலை. ஜோடிக்குத்தான் கொடுத்தாங்க, புரூக்ளின் போன் நம்பர் மாதிரியே.